மூன்று படிகளும் ஜிம்மியின் வலது இடுப்பும்

கோத்தகிரியில் எங்கள் வீட்டு முற்றத்திலிருந்து தெருவுக்கு இறங்க மூன்றே படிகள். பதினோரு ஆண்டுகளாக அந்தப் படிகளை எங்கள் நாய் ஜிம்மி ஒரே தாவலில் கடந்து வந்தான். 2024 டிசம்பரில் ஒரு காலை, மேல்படியின் விளிம்பில் முன்னங்கால்களை வைத்துக்கொண்டு, கீழே பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக அவன் நின்றான். வாலை ஆட்டிக்கொண்டுதான் நின்றான். முனகவில்லை, காலைத் தூக்கிப் பிடிக்கவுமில்லை. குளிருக்குச் சோம்பல்படுகிறான் என்று நினைத்து, கழுத்துப்பட்டையைப் பிடித்து மெதுவாக இழுத்தேன். பின்னங்கால்கள் இரண்டையும் சேர்த்துவைத்து முயல் குதிப்பதுபோல் குதித்து இறங்கினான். இலை பறிக்கப் போய்க்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா நின்று பார்த்துவிட்டு, "வயசாயிடுச்சு சார், அதான்" என்று சொல்லிப் போனார்.

அந்த "அதான்" என்ற சொல்லை நானும் இரண்டு மாதம் நம்பியிருந்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும். முதுமை வேறு, வலி வேறு. முகவாய் நரைப்பது, கூப்பிட்டால் காது சற்றுத் தாமதமாகக் கேட்பது, கண்ணின் மணி நீலச் சாம்பல் நிறமாக மங்குவது ஆகியவை முதுமையின் அடையாளங்கள். அந்த நீல மங்கலைப் பலரும் கண்புரை என்று அஞ்சுகிறார்கள். பெரும்பாலும் அது விழிவில்லை வயதால் அடர்ந்துபோவதுதான், பார்வையை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. ஆனால் படியிறங்கத் தயங்குவது முதுமை இல்லை. பெரும்பாலும் எங்கோ வலிக்கிறது என்பதால்தான் நாய் தயங்குகிறது. நாய்கள் மூட்டு வலிக்கு அழுவது அரிது, அடிபட்ட நொடியில்தான் கத்தும். மாதக்கணக்கில் நீடிக்கும் வலியை, முன்பு செய்துகொண்டிருந்தவற்றை ஒவ்வொன்றாகச் செய்யாமல் விடுவதன் மூலம்தான் காட்டும். அதனால் அதைப் பார்க்க வேண்டியவரும் எது புதிதாக வந்திருக்கிறது என்று தேடாமல், எது நின்றுபோயிருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது.

பின்னோக்கி யோசித்தபோது, ஜிம்மியிடம் நின்றுபோனவற்றின் வரிசை எனக்குத் தெளிவாகவே கிடைத்தது. முதலில் நின்றது, தெருமுனை சில்வர் ஓக் மரத்தடியில் இடது பின்னங்காலைத் தூக்கிச் சிறுநீர் கழிப்பது. அந்த அக்டோபரில் அவன் வலது காலை மட்டும் தூக்கத் தொடங்கியிருந்தான். நவம்பரில் அதையும் விட்டுவிட்டு, பெண் நாயைப்போல் லேசாகக் குனிந்து முடித்துக்கொண்டான். இதற்கு எளிய விளக்கம் உண்டு. இடது காலைத் தூக்கினால் பின்பாகத்தின் எடை முழுவதையும் வலது கால் தனியாகத் தாங்க வேண்டும், அதற்கு அந்தக் காலால் முடியவில்லை. பிறகு வலது காலைப் பக்கவாட்டில் விரிப்பதும் நோகத் தொடங்கியதும் இரண்டையுமே விட்டுவிட்டான். மலம் கழிக்கும்போது ஓரிடத்தில் குந்தி நிற்க முடியாமல் நான்கடி நடந்தபடியே கழித்ததையும் அப்போது நாங்கள் வேடிக்கையாகத்தான் பேசிக்கொண்டோம்.

உட்காரும் விதமும் மாறியிருந்தது. முன்பு நேராக உட்காருபவன், வலது பின்னங்காலை வெளியே நீட்டிவிட்டு ஒருக்களித்து உட்கார்ந்தான். எழும்போது பின்னங்கால்களால் உந்தி எழாமல், முன்னங்கால்களை ஊன்றி உடம்பை முன்னே இழுத்துக்கொண்டு எழுந்தான். நகங்களைக் கவனித்தால், முன்னங்கால் நகங்கள் நடந்து தேய்ந்திருந்தன, பின்னங்கால் நகங்கள் நீண்டு வளைந்திருந்தன. நலமாக இருக்கும் நாயே எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்களில்தான் தாங்குகிறது. இவன் அதற்கும் மேல் முன்னே சாய்த்துவிட்டதால், மார்பும் தோளும் மல்லனுடையவைபோல் அகன்று, தொடைகள் சூம்பிக்கொண்டிருந்தன. தையல்காரரின் நாடாவால் தொடையின் நடுவில் அளந்தபோது, இடது தொடை 41 சென்டிமீட்டர், வலது தொடை 38 இருந்தது. அடர்ந்த கறுப்பு முடிக்கடியில் இந்த 3 சென்டிமீட்டர் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டு கைகளாலும் இரண்டு தொடைகளையும் ஒரே நேரத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் கைக்குத் தெரிந்தது.

எல்லாவற்றையும்விடத் தெளிவான அடையாளம் காலை நேர விறைப்பு. டிசம்பர் கடைசியில் விடியற்காலை வெளியே 7 டிகிரி. எழ முயன்று இரண்டு முறை சறுக்கி உட்கார்ந்து, மூன்றாம் முறை எழுந்து நிற்க அவனுக்கு ஒன்பது விநாடி ஆயிற்று. முதல் பத்துப் பதினைந்தடி மரப்பொம்மைபோல் நடந்தான். பின்பாகத்தைப் பின்னாலிருந்து பார்த்தால், வலது கால் தரையில் படும் ஒவ்வொரு முறையும் வலது இடுப்பு மற்றதைவிட மேலே எழும்பிற்று. ஐந்து நிமிடத்தில் நடை இளகி, பத்தாம் நிமிடத்தில் பார்த்தால் ஒன்றுமே இல்லாததுபோல் இருந்தது. இப்படி ஓய்வுக்குப் பின் விறைத்து, நடக்க நடக்க இளகி, அதிகம் நடந்தால் மாலையில் மீண்டும் விறைப்பதுதான் மூட்டுத் தேய்மானத்தின் கையெழுத்து. முன்னங்காலில் வலி என்றால் அடையாளம் வேறு. வலிக்கும் கால் தரையில் படும்போது நாய் தலையை மேலே தூக்கும், நல்ல காலை ஊன்றும்போது தலை கீழே இறங்கும்.

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஜனவரி முதல் வாரத்தில், அம்மாவின் முழங்கால் வலிக்கென்று வீட்டில் இருந்த டைக்ளோஃபினாக் மாத்திரையில் பாதியைச் சோற்றில் பிசைந்து இரண்டு நாள் அவனுக்குக் கொடுத்தேன். மனிதருக்குத் தருவதில் பாதிதானே என்று எண்ணினேன். மூன்றாம் நாள் வாந்தி எடுத்தான், அடுத்த நாள் மலம் தார்போல் கறுத்துப் பிசுபிசுத்தது. அந்தக் கறுப்பு, வயிற்றுக்குள் கசிந்து செரித்த இரத்தத்தின் நிறம். நாயின் இரைப்பையும் சிறுநீரகமும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற மனித வலி மாத்திரைகளைத் தாங்குவதில்லை, சிறிய அளவிலும் குடற்புண் வரலாம். அரசுக் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கிருந்த மருத்துவ அம்மையார் திட்டவில்லை, ஆனால் மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சார், இது நாய்க்கு மட்டும் விஷமில்லை" என்று சொல்லி, மலைக்குக் கீழே மோயாற்றுப் பள்ளத்தாக்கைக் கைகாட்டினார்.

நீலகிரிக்காரர்களுக்கு அந்தக் கதை ஓரளவு தெரிந்ததுதான். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக், அந்த மாடு செத்தபின் அதைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்து, நாடு முழுவதும் அவற்றைக் கிட்டத்தட்ட அழித்துவிட்டது. கால்நடைக்கான டைக்ளோஃபினாக்கை இந்திய அரசு 2006இல் தடைசெய்தது. 2023இல் கீட்டோப்ரோஃபெனும் அசிக்ளோஃபினாக்கும் கால்நடைப் பயன்பாட்டில் தடைசெய்யப்பட்டன. தென்னிந்தியாவில் பாறுக் கழுகுகள் எஞ்சியிருக்கும் மிகச் சில இடங்களில் சீகூர் பீடபூமியும் மோயாற்றுப் பள்ளத்தாக்கும் அடங்கும். அவற்றுக்குத் தீங்கில்லை என்று சோதித்துக் கண்டறியப்பட்ட வலிமருந்து மெலாக்சிகாம். நாய்களின் மூட்டு வலிக்கு மருத்துவர்கள் எழுதுவதும் பெரும்பாலும் அதுதான். ஆனால் ஜிம்மிக்கு அதை உடனே தொடங்கவில்லை. ஒரு வலிமருந்தின் மேல் இன்னொன்றைக் கொடுத்தால் புண் பெரிதாகும் என்பதால், வயிற்றை ஆற்றும் மருந்து மட்டும் தந்து, மலம் இயல்பான நிறத்துக்குத் திரும்பும்வரை பத்து நாள் காத்திருக்கச் சொன்னார்.

அந்தப் பத்து நாளில் அவர் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். மருத்துவமனைக்கு வந்தால் பதற்றத்தில் நாய் நொண்டுவதை மறைத்துவிடும் என்பதால், வீட்டிலேயே செல்பேசியில் மூன்று காட்சிகளைப் படம்பிடித்து வரச் சொன்னார். காலையில் படுக்கையிலிருந்து எழுவது, சமதளத்தில் நம்மை நோக்கி நடந்து வருவது, நம்மை விட்டு விலகி நடந்து போவது. ஒவ்வொன்றும் அரை நிமிடம் போதும். சொன்னதுபோலவே, மருத்துவமனை வாசலில் ஜிம்மி இளங்காளைபோல நடந்தான். படத்தைக் காட்டியிராவிட்டால் நான் பொய் சொல்வதாகவே பட்டிருக்கும்.

சோதனையின்போது அவர் செய்த ஒன்றை இங்கே விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பின்னங்கால் தளரும் எல்லா நாய்க்கும் மூட்டுத் தேய்மானம்தான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஜிம்மியை நிற்கவைத்து, பின்பாதத்தை மடக்கி அதன் மேற்புறம் தரையில் படும்படி வைத்தார். அவன் உடனே பாதத்தைத் திருப்பி நேராக ஊன்றிக்கொண்டான். இரண்டு காலிலும் அப்படியே. நரம்பு கெட்டிருந்தால், பாதம் மடங்கியிருப்பதே மூளைக்குத் தெரியாமல் நாய் அப்படியே நிற்கும் என்றார். வலியே இல்லாமல் பின்கால் நகத்தின் மேற்புறம் தரையில் உரசித் தேய்வது, நடக்கும்போது பின்கால்கள் ஒன்றையொன்று பின்னுவது ஆகியவை தண்டுவடத்தின் அறிகுறிகள். ஒரு கால் திடீரென்று தரையில் படாமல் தூக்கிக்கொண்டால் முழங்கால் தசைநார் அறுந்திருக்கலாம். பெரிய இன நாய்க்கு மூட்டருகே கல்போன்ற வீக்கம் வந்தால் எலும்புப் புற்றுநோயையும் நினைக்க வேண்டும். காய்ச்சலோடு இன்று ஒரு கால், நாளை இன்னொரு கால் என்று வலி இடம் மாறினால் உண்ணிக் காய்ச்சலுக்கு இரத்தம் பார்க்க வேண்டும். ஜிம்மியிடம் இவை எதுவுமில்லை. கடைசியாக வலது பின்காலை மெதுவாகப் பின்னோக்கி நீட்டினார். பாதித் தூரம் போவதற்குள் அவன் தலையைத் திருப்பி அவர் கையைப் பார்த்து, உதட்டை ஒருமுறை நக்கிக்கொண்டான். அவ்வளவுதான். "கத்தலையே" என்றேன். "இதுதான் சார் அவன் கத்துறது" என்றார்.

எக்ஸ்ரே எடுக்கக் கோயம்புத்தூருக்குப் போனோம். தொடையெலும்பின் பந்துபோன்ற தலை, இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் உருண்டு சுழல வேண்டும். வலப்பக்கம் கிண்ணம் ஆழமில்லாமல், பந்து தட்டையாகி, கிண்ணத்தின் ஓரத்தில் முள்முள்ளாகப் புது எலும்பு வளர்ந்திருந்தது. லாப்ரடார் கலப்பில் பிறந்தவன், சிறு வயதிலிருந்தே மூட்டு சரியாகப் பொருந்தாமல் இருந்திருக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் உரசி, எலும்பின் முனையை மூடும் வழுவழுப்பான குருத்தெலும்பு தேய்ந்து, மூட்டுக்குள் மசகாக இருக்கும் திரவம் நீர்த்துவிட்டது. குருத்தெலும்பில் நரம்பில்லை, அதனால் அது தேயும்போது தெரிவதில்லை. சுற்றியுள்ள சவ்வும் அடியிலுள்ள எலும்பும் அழலும்போதுதான் வலி. எக்ஸ்ரேயில் மோசமாகத் தெரியும் மூட்டு அவ்வளவாக வலிக்காமலும், நன்றாகத் தெரியும் மூட்டு மிகவும் வலிப்பதும் உண்டு என்பதால், நாய் நடப்பதை வைத்துத்தான் மருத்துவம் செய்ய வேண்டும் என்றும் சொன்னார்கள். தேய்ந்தது திரும்பாது. வலியையும் சுமையையும் குறைக்கலாம்.

இரத்தத்தில் சிறுநீரகம், கல்லீரல் அளவுகள் சரியாக இருந்ததால் பிப்ரவரியில் மெலாக்சிகாம் தொடங்கினோம். முதல் நாளுக்குப் பின் அன்றாட அளவு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம், சோறு தின்றபின். மனிதருக்கான 15 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, 30 கிலோ நாயின் அன்றாட அளவைப்போல் ஐந்து மடங்கு என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தபோது, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிக் கொடுப்பவர்களை நினைத்து எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வாந்தி, கறுத்த மலம், தீனியில் வெறுப்பு, அளவுக்கு மீறிய தாகம் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே நிறுத்திவிட்டுக் கூப்பிட வேண்டும். அரிப்புக்கென்று ஸ்டீராய்டு மாத்திரை தரப்பட்டிருந்தால் இரண்டையும் சேர்க்கவே கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

மருந்தைவிடக் கடினமாக இருந்தது எடை. ஜிம்மியைத் தூக்கிக்கொண்டு குளியலறைத் தராசில் ஏற என்னால் முடியாது. அருகில் பச்சைத்தேயிலை சேகரிக்கும் இடத்தில் மூட்டைகளை வைக்கும் மேடைத் தராசில் அவனை நிற்கவைத்தோம், 33.5 கிலோ காட்டிற்று. இருக்க வேண்டியது 28. விலாவின் மேல் விரல்களை வைத்தால், மூடிய கையின் புறமுட்டிகளைத் தடவுவதுபோல் எலும்பு தெரிந்தால் மெலிவு, விரித்த கையின் புறத்தைத் தடவுவதுபோல் மெல்லிய தோலுக்கடியில் எலும்பு தெரிந்தால் சரி, உள்ளங்கையைத் தடவுவதுபோல் மெத்தென்று இருந்தால் பருமன். ஜிம்மி உள்ளங்கையாக இருந்தான்.

காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. அம்மாவுக்கு 81 வயது. அவர் காலையும் மாலையும் தேநீர் குடிக்கும்போது, வனஸ்பதியில் ஊறிய வர்க்கி இரண்டு அவருக்கு, இரண்டு ஜிம்மிக்கு. இதுபோக நான்கு கோப்பைச் சோறும் பாலும். சமைத்த சோறு ஒரு கோப்பை ஏறத்தாழ 200 கலோரி. 28 கிலோவை எட்ட வேண்டிய நாய்க்கு நாளொன்றுக்கு மொத்தமே ஏறத்தாழ 850 கலோரிதான் என்று மருத்துவர் கணக்கிட்டுத் தந்திருந்தார். சோற்றைப் பாதியாக்கி, தசை கரையாமலிருக்க வேகவைத்த கோழியும் முட்டையும் சேர்த்து, வயிறு நிறைய வெந்த கேரட்டும் பீன்ஸும் போட்டோம். அம்மாவிடம் வர்க்கியை நிறுத்தச் சொல்வது எளிதாக இல்லை. "கிழட்டுப் பயலுக்கு இருக்கிற ஒரே சுகம், அதையும் பிடுங்குறியாப்பா" என்றார். கடைசியில் தேநீர் நேரத்தில் வர்க்கிக்குப் பதிலாக வெந்த கேரட் வில்லையை அவர் கையாலேயே தருவது என்று உடன்பாடு ஏற்பட்டது. தின்பண்டத்தைவிட, அதை அவர் கையிலிருந்து வாங்குவதுதான் ஜிம்மிக்கு வேண்டியிருந்தது என்று தோன்றுகிறது. முதல் வாரம் கேரட்டை வாயில் வாங்கிக் கதவருகே துப்பினான். இரண்டாம் வாரம் தின்றான்.

வாரத்துக்கு உடல் எடையில் 1 விழுக்காடு குறைந்தால் நல்ல வேகம். எங்களுடையது அதைவிட மெதுவாகவே போயிற்று, நடுவில் விருந்தாளிகளும் இருந்தார்கள். மார்ச் கடைசியில் 31.4 கிலோ. பருமனான, மூட்டு தேய்ந்த நாய்களில் எடை 6 விழுக்காட்டைச் சற்றுத் தாண்டிக் குறைந்ததுமே நொண்டல் குறைவதை அளந்து கண்டிருக்கிறார்கள். ஜிம்மிக்கு அந்த எல்லை ஏறத்தாழ 2 கிலோ. சரியாக அந்த வாரங்களில்தான் காலையில் எழும் நேரம் ஒன்பது விநாடியிலிருந்து நான்காக இறங்கிற்று. மருந்தாலா எடையாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஏப்ரலில் மருத்துவர் மெலாக்சிகாமின் அளவைக் குறைத்துப் பார்த்தபோதும் நான்கு ஐந்தாகவில்லை.

வீட்டுக்குள் செய்தவற்றில் மிகவும் பலித்தது தரைதான். எங்களுடையது பாட்டி காலத்துச் சிவப்பு ஆக்ஸைடு தரை, மெழுகிப் பளபளவென்று இருக்கும். அதில் ஜிம்மி நடப்பதைத் தரையோடு தரையாகக் கண்ணை வைத்துப் பார்த்தேன். பின்பாதங்கள் ஒவ்வோர் அடியிலும் ஓரங்குலம் வெளிப்புறமாகச் சறுக்கின, அதைத் தடுக்க விரல்களைக் குவித்து நகத்தால் பிடிக்கப் பார்த்தான். நகமோ நீளம், பிடிக்கவில்லை. அவன் படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணத்துக்கும், அங்கிருந்து வாசலுக்கும் போகும் வழியில் மலிவான யோகா மேட்டுகளை வெட்டிப் பாதையாக ஒட்டினோம். நகத்தை வாரம் ஒருமுறை சிறிது சிறிதாகத் தேய்த்துக் குறைத்து, விரலிடுக்கில் வளர்ந்த முடியைக் கத்தரித்தோம். அதன்பின் அவன் மேட்டை விட்டுக் கீழே கால் வைப்பதே இல்லை, விருந்தினர் குறுக்கே நின்றால் சுற்றிப் போகாமல் காத்து நிற்கிறான்.

படுக்கைக்கு இலவம்பஞ்சு மெத்தை போட்டிருந்தோம். கை முட்டியால் அழுத்தினால் தரை தட்டிற்று, அப்படியானால் அவன் இடுப்பெலும்பும் தரையைத் தட்டுகிறது என்று பொருள். கட்டிலுக்குரிய நான்கங்குல ரப்பர் மெத்தைத் துண்டை, தரையின் ஈரக்குளிர் ஏறாதபடி தாழ்வான பலகைமேல் போட்டு, காற்று வராத மூலைக்கு மாற்றினோம். குளிரில் தசைகள் இறுகுவதால் விறைப்பு கூடுகிறது. காலையில் எழுமுன் வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி இடுப்பில் பத்து நிமிடம் வைத்தால் முதல் அடிகள் எளிதாகின்றன. பையை நம் முன்கையின் உட்புறத்தில் ஒரு நிமிடம் வைத்துச் சூடு பொறுக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். ஆனால் எங்கள் ஊர்ப் பழக்கமான கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைப்பது வேண்டவே வேண்டாம். அந்தக் கரியிலிருந்து வரும் புகையில்லா நஞ்சு நாய்க்கும் மனிதருக்கும் ஒன்றே, குளிர்காலத்தில் மலையூர்களில் அதனால் உயிர் போவது புதிதல்ல. வெளியே திண்ணையில் படுக்கவைப்பதும் இங்கே இயலாது. சிறுத்தை முதலில் தேடுவது, எழ நான்கு விநாடி எடுக்கும் நாயைத்தான்.

குளுக்கோசமைன் மாத்திரையை இரண்டு மாதம் வாங்கிக் கொடுத்துப் பிறகு நிறுத்தினேன். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் அதற்கு வலியில் பலனில்லை என்றும், மீன் எண்ணெயின் ஒமேகா-3க்குப் பலன் இருக்கிறது என்றும் முடிவு செய்திருக்கிறார்கள். அந்தக் காசு மீன் எண்ணெய்க்குப் போகிறது.

நடையைப் பற்றி என் எண்ணம் இரண்டு முறை மாறிற்று. முதலில் வலிக்கிறதென்று வெளியே கூட்டிப்போவதையே விட்டேன், ஒரு வாரத்தில் விறைப்பு கூடியது. அசையாத மூட்டு இன்னும் இறுகும், தொடை இன்னும் சூம்பும். பிறகு நன்றாக இருக்கிறானே என்று ஒரு ஞாயிறு முக்கால் மணி நேரம் நடத்தினேன், திங்கள் காலை அவன் எழவே மறுத்தான். இப்போது நாளுக்கு மூன்று முறை, முறைக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம், எல்லா நாளும் ஒரே அளவு. மறுநாள் காலை வழக்கத்தைவிட விறைப்பாக எழுந்தால் முந்தின நாள் தூரம் அதிகம் என்று பொருள், பாதியாகக் குறைத்துவிடுவேன். மலையில் தூரத்தைவிடச் சரிவுதான் முக்கியம். ஏற்றம் பின்னங்கால்களை வாட்டும், இறக்கம் முன்னங்கால்களை வாட்டும். இவனுக்கு முன்னங்கால்களே ஏற்கெனவே கூடுதல் சுமை தாங்குவதால், தேயிலைத் தோட்டத்தின் நடுவே மலையைச் சுற்றிச் சமமாகப் போகும் மண்சாலையைத் தேர்ந்தெடுத்தோம். பந்து எறிவது முற்றிலும் நின்றது. பாய்ந்து, சட்டென்று நின்று, திரும்பும் அந்த ஒரு நொடியில்தான் மூட்டு மிகவும் அடிவாங்குகிறது.

அந்த மூன்று படிகளுக்கு வருகிறேன். மொத்த உயரம் 20 அங்குலம். வீட்டிலிருந்த நான்கடிப் பலகையைச் சாய்த்துப் போட்டேன். ஜிம்மி ஒரு காலை வைத்துப் பார்த்துப் பின்வாங்கிவிட்டான். பிடிவாதக்காரன் என்று சலித்துக்கொண்டேன். கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்தச் சாய்வு ஏறத்தாழ 25 டிகிரி, எங்கள் ஊரின் செங்குத்துச் சந்துகளைவிட மோசம். ஏழடிப் பலகை வாங்கி, சாய்வு 14 டிகிரிக்கு இறங்கியதும், மேலே தேங்காய்நார்ப் பாயை ஆணியடித்து, பக்கங்களில் விழாமலிருக்க ரீப்பர் கட்டைகளை வைத்தேன். அப்போதும் உடனே ஏறவில்லை. பலகையை முற்றத்தில் தட்டையாகப் போட்டு, அதன்மேல் கேரட் வைத்து இரண்டு நாள் நடக்கப் பழக்கி, பிறகு ஒரு செங்கல் உயரம், பிறகு இரண்டு செங்கல் என்று உயர்த்தினோம். ஆறாம் நாள் படியில் வைத்தோம். அம்மா கீழே நின்று கூப்பிட்டார், இறங்கி வந்தான். விறைப்பு அதிகமான நாட்களில், அகலமான துண்டைப் பின்னங்கால்களுக்கு முன்னால் வயிற்றின் கீழ் செலுத்தி, இரு முனைகளையும் முதுகுக்கு மேல் பிடித்துச் சற்றே தாங்கிக்கொண்டு இறக்குகிறேன். ஆண் நாய் என்பதால், சிறுநீர் வழியை அழுத்தாதபடி பார்த்துத் துண்டைப் போட வேண்டும்.

ஜூன் மாதம் முடிகிறது. இப்போது எடை 29.8 கிலோ. வலது தொடை ஒரு சென்டிமீட்டர் கூடியிருக்கிறது. ஜீப்பில் தானாக ஏறுவதில்லை, இனி ஏறவும் மாட்டான். வலது காலைத் தூக்குவது ஏப்ரலில் திரும்ப வந்தது, இடது காலைத் தூக்குவது வரவில்லை. தீனியை மறுப்பது, இரவெல்லாம் இடம் கொள்ளாமல் மூச்சிரைத்து அலைவது, படுத்த இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டு எழ முயலாமலே கிடப்பது ஆகிய மூன்றும் சேர்ந்து பல நாள் தொடர்ந்தால் வந்து பேச வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். எதைப் பேச என்று நான் கேட்கவில்லை.

எங்கள் பக்கம் பெருமழை அக்டோபரில் வரும் வடகிழக்குப் பருவத்தில்தான். அதற்குள் பலகையின் நார்ப்பாயை மாற்ற வேண்டும் என்று நேற்று பிடுங்கிப் பார்த்தேன். ஏறும் திசையை நோக்கி நின்றால், இடப்பக்கம் நார் நன்றாகத் தேய்ந்து பலகை தெரிகிறது, வலப்பக்கம் புதிதுபோலவே இருக்கிறது. இந்த வாரம் தராசுக்குப் போய்விட்டு, அந்தப் பாயையும் சுருட்டி மருத்துவரிடம் கொண்டுபோகிறேன்.